உருக்கி வார்க்கும் கணக்குகள்: தவறான விடையும் ஆப்ஷனில் இருப்பது ஏன்?

கேள்வி: சார், குரூப் 4 தேர்வுக்கு வீட்டிலிருந்தே படிக்கிறேன். கூம்பு, உருளை, கோளம் எல்லாவற்றுக்கும் கனஅளவு சூத்திரம் மனப்பாடம். ஆனால் ‘உருக்கி வேறு வடிவம் செய்தால்’ என்று கேட்டால் பாதிக்கு மேல் தவறாகிறது. போன வாரம் ஒரு மாதிரித் தேர்வில் வந்த கணக்கு இது: விட்டம் 12 செ.மீ, உயரம் 16 செ.மீ உள்ள திண்ம உருளையை உருக்கி, ஆரம் 2 செ.மீ, உயரம் 6 செ.மீ உள்ள கூம்புகள் செய்தால் எத்தனை கிடைக்கும்? (A) 24 (B) 288 (C) 72 (D) 96. நான் 22/7 போட்டுப் பெருக்கி, 1810.28ஐ 75.42ஆல் வகுத்து 24 என்று குறித்தேன். ஐந்து நிமிடம் ஆனது. 24 ஆப்ஷனில் இருந்ததால் சரி என்றே நினைத்தேன். நான் எந்தத் தவறு செய்தாலும் அந்த விடை ஆப்ஷனில் இருக்கிறது. இதை எப்படித்தான் போடுவது?

— ஒரு வாசகி, தேனி மாவட்டம்

பதில்: உங்கள் வகுத்தலில் தவறில்லை. 75.42 என்ற எண்தான் தவறு. அது ஆரம் 2, உயரம் 6 உள்ள உருளையின் கனஅளவு. கூம்புக்கு உரிய மூன்றில் ஒரு பங்கை எடுக்க விட்டுவிட்டீர்கள். அதாவது, அந்தப் பெரிய உருளையை உருக்கினால் அதே ஆரமும் உயரமும் உள்ள சின்ன உருளைகள் எத்தனை கிடைக்கும் என்ற கேள்விக்குச் சரியாக விடை எழுதியிருக்கிறீர்கள். ஒரு சின்ன உருளைக்கான உலோகத்தில் மூன்று கூம்புகள் செய்யலாம். ஆகவே 24 × 3 = 72. விடை (C).

மற்ற இரண்டையும் பாருங்கள். 12 செ.மீ விட்டத்தை ஆரம் என்று எடுத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்தால் 288 வரும். விட்டத்தையும் ஆரமாக எடுத்து, மூன்றில் ஒரு பங்கையும் மறந்தால் 96 வரும். நான்கு ஆப்ஷன்களில் ஒன்றுகூடச் சும்மா போட்டதில்லை. கேள்வி அமைப்பவர் முதலில் சரியான விடையைக் கண்டுபிடிக்கிறார். அப்புறம் மாணவர்கள் எங்கே சறுக்குவார்கள் என்று யோசித்து, அந்தச் சறுக்கலோடு கணக்கைப் போட்டு, வருகிற எண்களை மற்ற மூன்று இடங்களில் வைக்கிறார். அதனால்தான் உங்கள் விடை எப்போதும் அங்கே காத்திருக்கிறது. உருக்கி வார்க்கும் கணக்கில் ‘ஆப்ஷனில் இருக்கிறது, ஆகவே சரி’ என்ற ஆறுதலுக்கு இடமே இல்லை.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? கேள்வியில் உருளைக்கு விட்டமும் கூம்புக்கு ஆரமும் கொடுத்திருக்கிறார்கள். இது வேண்டுமென்றே செய்தது. இரண்டுக்கும் விட்டமே கொடுத்திருந்தால், அவசரத்தில் இரண்டையும் ஆரமாக எடுத்துக்கொண்டாலும் விடை மாறாது. மேலே ஒரு நான்கு மடங்கு, கீழே ஒரு நான்கு மடங்கு, இரண்டும் அடிபட்டுப் போய்விடும். ஒன்று விட்டம், ஒன்று ஆரம் என்று கலந்து கொடுத்தால்தான் கண்ணி வேலை செய்யும். ஆகவே இந்த வகைக் கேள்வியைப் பார்த்ததும் பேனாவால் முதலில் செய்ய வேண்டியது, ‘விட்டம்’ என்ற சொல்லுக்கு அடியில் ஒரு கோடு போட்டு, பக்கத்திலேயே பாதியை எழுதிக்கொள்வது. 12 என்பதற்கு மேல் r = 6 என்று எழுதிவிட்டால், அதற்குப் பிறகு 12ஐத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

சரி, போடும் முறைக்கு வருவோம்.

நீங்கள் இரண்டு கனஅளவுகளையும் தனித்தனியாகக் கண்டுபிடித்து, அப்புறம் வகுக்கிறீர்கள். ஐந்து நிமிடம் அங்கேதான் போகிறது. குரூப் 4 தாளில் 3 மணி நேரத்தில் 200 கேள்விகள். சராசரியாக ஒரு கேள்விக்கு 54 வினாடி. தமிழ்ப் பகுதியில் மிச்சம் பிடிக்கும் நேரத்தை இங்கே செலவழித்தாலும், ஒரு கணக்குக்கு ஐந்து நிமிடம் என்றால் தாங்காது. இந்தக் கணக்கில் யாரும் உங்களிடம் கனஅளவு என்னவென்று கேட்கவில்லை. இரண்டும் சமம் என்பது மட்டும்தான் தேவை. இரு பக்கமும் π இருக்கிறது, அதை எழுதவே வேண்டாம். 22/7 என்று நீங்கள் எழுதத் தொடங்கினாலே எங்கோ தேவையில்லாத வேலை செய்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு, பிறகு சொல்கிறேன்.

என் மாணவர்களுக்கு நான் சொல்லித்தருவது இதுதான்: எல்லா வடிவத்தையும் முதலில் உருளையாக மாற்றிவிடுங்கள். கூம்பின் கனஅளவு (1/3)πr²h. அதையே πr² × (h/3) என்று படியுங்கள். அதே ஆரம், மூன்றில் ஒரு பங்கு உயரம் உள்ள உருளை என்று ஆகிறது. கோளத்தின் கனஅளவு (4/3)πr³. இதை πr² × (4r/3) என்று படித்தால், அதே ஆரமும் ஆரத்தைப்போல 4/3 மடங்கு உயரமும் உள்ள உருளை. அரைக்கோளம் என்றால் உயரம் அதில் பாதி, 2r/3. இந்த மூன்றும் கைக்கு வந்துவிட்டால், உருக்கி வார்க்கும் கணக்கு என்பது ஒரு உருளையை இன்னொரு உருளையாக மாற்றுவது மட்டுமே. சூத்திரத்தில் பின்னம் மறந்துபோகும் சிக்கலும் தீர்கிறது. கூம்பைப் பார்த்ததும் உயரத்தை மூன்றால் வகுத்து எழுதிவிடுவதால், பின்னால் மறப்பதற்கு எதுவும் மிச்சமில்லை.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கூம்பின் ஆரம் 2, உயரம் 6. அது ஆரம் 2, உயரம் 2 உள்ள உருளைக்குச் சமம். பெரிய உருளையின் ஆரம் 6, உயரம் 16. ஆரம் 3 மடங்கு, ஆகவே அடிப்பரப்பு 9 மடங்கு. உயரம் 16க்கு 2, அதாவது 8 மடங்கு. 9 × 8 = 72. முடிந்தது. இதில் எழுத வேண்டியது ஒரு வரி. மனத்திலேயே போட்டுவிடவும் முடியும், ஆனால் எழுதுங்கள் என்றுதான் சொல்வேன்.

இந்த முறையில் கவனம் வைக்க வேண்டிய ஒரே இடம், ஆரத்தின் மடங்கை வர்க்கமாக்குவது. ஆரம் 3 மடங்கு என்றால் 3 என்று பெருக்கிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இந்தக் கணக்கில் அப்படிச் செய்தால் 24 வரும். பாருங்கள், உங்கள் தவறும் அதுவும் ஒரே ஆப்ஷனில் வந்து விழுகின்றன. இரண்டு வேறு தவறுகளை ஒரே எண்ணில் பிடிக்கும்படி அமைத்திருக்கிறார்கள்.

ஆரம் சமமாக இருக்கும் கேள்விகள் எண்ணே இல்லாமல் வரும். ‘ஒரு கூம்பை உருக்கி அதே ஆரமுள்ள கோளம் செய்தால், கூம்பின் உயரம் ஆரத்தைப்போல எத்தனை மடங்கு?’ கூம்பு என்பது உயரம் h/3 உள்ள உருளை, கோளம் என்பது உயரம் 4r/3 உள்ள உருளை. ஆரம் ஒன்றே, ஆகவே உயரங்கள் சமமாக வேண்டும். h = 4r. விடை 4 மடங்கு. உருளையை உருக்கி அதே ஆரமுள்ள கூம்பு செய்தால் உயரம் 3 மடங்காகும். இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டாம். கேட்ட இடத்தில் இரண்டு வினாடியில் வந்துவிடும்.

பாடப்புத்தகத்தில் வரும் 1 : 2 : 3 என்ற விகிதமும் இதே வழியில் வருவதுதான். ஒரே ஆரம், கூம்புக்கும் உருளைக்கும் உயரம் கோளத்தின் விட்டத்துக்குச் சமம் என்றால், உருளையின் உயரம் 2r, கோளத்துக்கு உரிய உயரம் 4r/3, கூம்புக்கு 2r/3. மூன்றையும் சுருக்கினால் கூம்பு, கோளம், உருளை முறையே 1 : 2 : 3. உருளைக்குள் சரியாகப் பொருந்தும் கோளம் அந்த உருளையில் மூன்றில் இரண்டு பங்கு என்பதை நிறுவியவர் ஆர்க்கிமிடீஸ். அவர் கண்டறிந்தவற்றுள் இதையே பெரிதாக மதித்திருக்கிறார் போலும், கல்லறையில் உருளையும் கோளமும்தான் பொறிக்கப்பட்டிருந்தன. கி.மு. 75இல் சிசிலியில் அதிகாரியாக இருந்த சிசரோ, புதர் மண்டிக் கிடந்த அந்தக் கல்லறையை இந்த உருவத்தை வைத்தே அடையாளம் கண்டதாக எழுதியிருக்கிறார். 1 : 2 : 3 இனி மறக்காது என்று நினைக்கிறேன்.

அடுத்து, அதிகம் பேர் தடுமாறும் கம்பிக் கணக்கு. ‘ஆரம் 6 செ.மீ உள்ள உலோகக் கோளத்தை உருக்கி, விட்டம் 4 மி.மீ உள்ள கம்பியாக நீட்டினால் கம்பியின் நீளம் என்ன?’ ஆப்ஷன்கள்: 18 மீ, 54 மீ, 72 மீ, 720 மீ. கம்பி என்பது மிக ஒல்லியான, மிக உயரமான உருளை, அவ்வளவுதான். நீளம் என்று கேட்பது உருளையின் உயரத்தை.

இங்கே செ.மீ, மி.மீ, மீ என்று மூன்று அலகுகள் இருக்கின்றன. பெரும்பாலானவர்கள் மி.மீ.யைச் செ.மீ ஆக்கி, 0.2 என்று எழுதி, அதை வர்க்கமாக்கி 0.04 என்று கொண்டுவந்து, அப்புறம் தசமத்தால் வகுக்கிறார்கள். அந்த 0.04, அவசரத்தில் 0.4 ஆகிவிடும். அப்படி ஆனால் விடை பத்தில் ஒன்றாகிவிடும். அதைவிட எளிது, இருப்பதிலேயே சின்ன அலகுக்கு எல்லாவற்றையும் மாற்றுவது. கோளத்தின் ஆரம் 60 மி.மீ. அதற்குச் சமமான உருளையின் ஆரம் 60 மி.மீ, உயரம் 80 மி.மீ. கம்பியின் ஆரம் 2 மி.மீ. ஆரம் 30இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது, ஆகவே உயரம் 900 மடங்கு வளர வேண்டும். 80 × 900 = 72,000 மி.மீ. மீட்டருக்கு 1000 மி.மீ, ஆகவே 72 மீ.

தவறான மூன்றும் எப்படி வந்தன? கம்பியின் விட்டம் 4ஐ ஆரமாக எடுத்தால் 18 மீ. கோளச் சூத்திரத்தில் 4/3ஐ விட்டுவிட்டு r³ மட்டும் போட்டால் 54 மீ. மி.மீ.யிலிருந்து மீட்டருக்குப் போகும்போது 1000க்குப் பதில் 100ஆல் வகுத்தால் 720 மீ. முதல் இரண்டையும் நம் முறையே தடுத்துவிடுகிறது. மூன்றாவதற்கு, கடைசி வரியில் அலகை எழுதும் பழக்கம் ஒன்றே காவல். வெறும் 72,000 என்று எழுதாமல் ‘72,000 மி.மீ’ என்று எழுதுங்கள். அலகு கண்ணெதிரே இருந்தால் எதால் வகுப்பது என்ற குழப்பம் வராது.

உள்ளீடற்ற உருளை வரும்போது மட்டும் உருளையாக மாற்றுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. குழாய் மாதிரியான வடிவத்தில் உலோகம் இருப்பது வெளிவட்டத்துக்கும் உள்வட்டத்துக்கும் நடுவில் மட்டும். ஆகவே r² இருக்க வேண்டிய இடத்தில் R² − r² வரும். ஒரு கணக்கு: உள்விட்டம் 8 செ.மீ, தடிமன் 1 செ.மீ, உயரம் 16 செ.மீ உள்ள உள்ளீடற்ற உருளையை உருக்கி 12 செ.மீ உயரமுள்ள திண்மக் கூம்பு செய்தால், கூம்பின் ஆரம் என்ன? உள்ஆரம் 4. தடிமன் ஒரு பக்கத்துக்கு 1, ஆகவே வெளிஆரம் 5. 25 − 16 = 9. உயரத்தோடு பெருக்கினால் 9 × 16 = 144. கூம்பு, உயரம் 4 உள்ள உருளை. 144ஐ 4ஆல் வகுத்தால் 36, அது ஆரத்தின் வர்க்கம். ஆரம் 6 செ.மீ.

இந்தக் கணக்கில் கண்ணி எங்கே என்றால், தடிமன் 1 என்று பார்த்ததும் (5 − 4)² = 1 என்று எழுதத் தோன்றும். அப்படி எழுதினால் 16ஐ 4ஆல் வகுத்து 4 வந்து, ஆரம் 2 செ.மீ என்று அழகாக முழு எண்ணாகவே கிடைக்கும். ஆப்ஷனில் 2 இருக்கும் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். இதை எப்படிச் சந்தேகப்படுவது? 16 செ.மீ உயரமும் 10 செ.மீ அகலமும் உள்ள ஒரு குழாயை உருக்கி, வெறும் 2 செ.மீ ஆரமும் 12 செ.மீ உயரமும் உள்ள ஒரு சின்னக் கூம்புதான் கிடைக்குமா? அந்த உலோகம் எல்லாம் எங்கே போயிற்று? இப்படி ஒரு கணம் வடிவத்தைக் கண்ணுக்குள் கொண்டுவந்து பார்த்தாலே பல தவறான விடைகள் விழுந்துவிடும். இன்னொரு தடுமாற்றமும் இதில் உண்டு. தடிமன் 1 செ.மீ என்றால் விட்டத்தில் 2 செ.மீ கூட வேண்டும். உள்விட்டம் 8உடன் 1ஐக் கூட்டி 9 என்று வெளிவிட்டம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். முதலிலேயே ஆரத்துக்கு மாறிவிட்டால் அந்தத் தவறும் வராது.

22/7க்கு ஒரே விலக்கு என்றேன் அல்லவா, அது இதுதான். ஒரு பக்கம் கனச்செவ்வகமோ கனச்சதுரமோ இருந்தால் அந்தப் பக்கம் π கிடையாது. அதனால் மறுபக்கத்து π அடிபடாது. ‘22 செ.மீ, 14 செ.மீ, 9 செ.மீ அளவுள்ள கனச்செவ்வக உலோகக் கட்டியை உருக்கி, ஆரம் 3 செ.மீ, உயரம் 7 செ.மீ உள்ள கூம்புகள் எத்தனை செய்யலாம்?’ இங்கேயும் அவசரப்பட்டுப் பெருக்காதீர்கள். கூம்பின் கனஅளவு (1/3) × (22/7) × 9 × 7. இதில் 7 அடிபட்டு, 9இல் மூன்றில் ஒரு பங்கு 3 ஆகி, 22 × 3 என்று நிற்கும். மேலே 22 × 14 × 9 இருக்கிறது. 22ஐ அடித்தால் 14 × 9ஐ 3ஆல் வகுக்க வேண்டும், 42. இந்த வகையில் கட்டியின் அளவுகளில் 11, 22, 44 போன்ற எண்கள் தென்படுவதே π அடிபடாது என்பதற்கான சைகை. கேள்வி அமைப்பவர் 22ஐச் சுருக்குவதற்கு வைத்த எண்கள் அவை. அவற்றைப் பெருக்கிப் பெரிய எண்ணாக்கிவிட்டால் அந்த உதவி கைநழுவிப்போகும்.

இனி, எங்கே ‘கனஅளவு சமம்’ என்று தொடங்கக் கூடாது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் இந்த முறை பழகியதும் எல்லாக் கேள்விக்கும் அதைக் கொண்டுபோகத் தோன்றும்.

உருக்கும்போது கனஅளவு மட்டும்தான் மாறாது. ஆரம், உயரம், புறப்பரப்பு எல்லாம் மாறும். ஆரம் 1, 6, 8 செ.மீ உள்ள மூன்று கோளங்களை உருக்கி ஒரே கோளமாக்கினால் ஆரம் 15 ஆகாது. ஆரங்களின் கனங்களைத்தான் கூட்ட வேண்டும்: 1 + 216 + 512 = 729, அதன் கனமூலம் 9. இந்தக் கணக்கை 3, 4, 5 என்ற ஆரங்களோடும் கேட்பார்கள், அதற்கு 6. கூட்டினால் வரும் 15ஓ 12ஓ ஆப்ஷனில் கண்டிப்பாக இருக்கும்.

புறப்பரப்பில் இது இன்னும் நுட்பமாக வருகிறது. ‘ஆரம் 6 செ.மீ உள்ள கோளத்தை உருக்கி 27 சம அளவுக் கோளங்களாக்கினால், மொத்தப் புறப்பரப்பு எத்தனை மடங்காகும்?’ கனஅளவு மாறாது என்று பழகிய கை ‘மாறாது’ என்று குறித்துவிடும், அல்லது 27 மடங்கு என்று குறிக்கும். கனஅளவு சமத்தை இங்கே சின்னக் கோளத்தின் ஆரத்தைக் கண்டுபிடிக்க மட்டும் பயன்படுத்த வேண்டும். 216ஐ 27ஆல் வகுத்தால் 8, ஆரம் 2. அதற்கு அப்புறம் புறப்பரப்பைத் தனியாக ஒப்பிட வேண்டும். 4π இரு பக்கமும் போக, முன்பு 36. இப்போது 27 × 4 = 108. ஆகவே 3 மடங்கு. எண்ணிக்கையின் கனமூலமே விடையாக வருவதைக் கவனியுங்கள். 8 கோளங்கள் என்றால் 2 மடங்கு, 64 என்றால் 4 மடங்கு. சம அளவுக் கோளங்களாகவோ கனச்சதுரங்களாகவோ பிரிக்கும்போது இது எப்போதும் பொருந்தும். ஆனால் கோளத்தைக் கூம்பாக்கினால் பொருந்தாது, வடிவமே மாறிவிடுகிறது.

இன்னொரு இடம், ‘உருக்கி’ என்ற சொல் இல்லாத கேள்வி. ‘பக்கம் 12 செ.மீ உள்ள கனச்சதுரப் பெட்டிக்குள் ஆரம் 3 செ.மீ உள்ள பந்துகள் அதிகபட்சம் எத்தனை வைக்கலாம்?’ கனஅளவை வகுத்தால் 15க்குக் கொஞ்சம் மேலே வரும். ஆனால் பந்துகளுக்கு நடுவில் காலி இடம் விழும். ஒரு பந்தின் விட்டம் 6, ஒவ்வொரு திசையிலும் 2 பந்துகள்தான் அடங்கும், ஆகவே 2 × 2 × 2 = 8. அந்தப் பந்துகளை உருக்கி ஊற்றினால்தான் இடைவெளி இல்லாமல் நிறையும். கேள்வியில் உருக்கி, வார்த்து, நீட்டி, பிசைந்து என்று பொருள் வடிவம் இழக்கும் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கனஅளவு சமம். இல்லாமல் அடுக்கி, வைத்து, பொருத்தி என்று இருந்தால் நீளத்தை அளந்துதான் போட வேண்டும்.

நீரில் மூழ்கவைக்கும் கணக்கு இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. ஆரம் 12 செ.மீ உள்ள உருளைப் பாத்திரத்து நீரில் ஆரம் 6 செ.மீ உள்ள கோளம் முழுவதும் மூழ்கினால் நீர்மட்டம் எவ்வளவு உயரும்? எதுவும் உருகவில்லை, ஆனால் உயரும் நீரின் கனஅளவு கோளத்தின் கனஅளவே. கோளம், ஆரம் 6, உயரம் 8 உள்ள உருளை. பாத்திரத்தின் ஆரம் 2 மடங்கு, ஆகவே உயரம் நான்கில் ஒரு பங்கு, 2 செ.மீ. முழுவதும் மூழ்க வேண்டும், நீர் வழியக் கூடாது என்ற இரண்டு நிபந்தனையும் கேள்வியில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உருக்கும்போது இத்தனை சதவீதம் வீணாகிறது என்று கொடுத்திருந்தால், மூலப்பொருளின் பக்கத்தில் அதைக் கழித்துவிட்டுத் தொடங்க வேண்டும். 10% வீண் என்றால் 9/10ஆல் பெருக்குங்கள். புதிய வடிவத்தின் பக்கத்தில் கழித்தால் தலைகீழாகிவிடும்.

பழைய வினாத்தாள்களைப் போடும்போது ஒரு சின்ன மாற்றம் செய்து பாருங்கள். விடை கண்டுபிடித்ததும் அடுத்த கணக்குக்குப் போகாமல், மற்ற மூன்று ஆப்ஷன்களுக்குப் பக்கத்தில் அவை எந்தத் தவறால் வந்தன என்று எழுதுங்கள். முதலில் நேரம் பிடிக்கும். ஒன்றிரண்டு ஆப்ஷனுக்குக் காரணம் கிடைக்காமலும் போகலாம், எல்லாத் தாளும் ஒரே கவனத்தோடு அமைக்கப்படுவதில்லை. ஆனால் நீங்கள் அடிக்கடி விழுவது எந்தத் தவறில் என்று அந்த ஓரக்குறிப்பே காட்டிவிடும். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அது கூம்பின் மூன்றில் ஒரு பங்கு என்று தோன்றுகிறது, ஒரு கணக்கை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது.

இந்தக் கணக்கிலிருந்து தொடங்கலாம். ஆரம் 8 செ.மீ, உயரம் 18 செ.மீ உள்ள திண்மக் கூம்பை உருக்கி, ஆரம் 4 செ.மீ உள்ள உருளையாக வார்த்தால் உருளையின் உயரம் என்ன? (A) 12 செ.மீ (B) 72 செ.மீ (C) 24 செ.மீ (D) 216 செ.மீ. கூம்பு உயரம் 6 உள்ள உருளையாகிறது, ஆரம் பாதியாவதால் உயரம் 4 மடங்கு, விடை 24. மற்ற மூன்றில் 72 உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த தவறு. 216, மூன்றில் ஒரு பங்கைத் தவறான பக்கத்தில் போட்டதால் வந்தது. 12 எப்படி வந்தது என்பதை நீங்களே கண்டுபிடித்து ஓரத்தில் எழுதுங்கள்.